இழந்த லாபத்தை இரண்டு தடவை கேட்காதீர்கள்: முதலீட்டு நடுவர் வழக்குகளில் நஷ்டஈட்டுக் கணக்கு

வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர், தன் திட்டத்தை அரசு பறித்துக்கொண்டது என்று முதலீட்டு ஒப்பந்தத்தின்கீழ் வழக்குப் போடுகிறார். எவ்வளவு கேட்பது? இந்தக் கேள்விக்குப் புதிதாக வருகிறவர்கள் தயாரிக்கும் எக்ஸெல் ஷீட்டுகளைப் பார்க்கும் வேலை எனக்கு. நாங்கள் அந்தக் காலத்தில் போட்ட அதே தப்புகளைத்தான் இவர்களும் வரிசை மாறாமல் போடுகிறார்கள். ரூபாயையும் டாலரையும் கலப்பது, ஃபார்முலா ஒரு வரி தள்ளி நிற்பது எல்லாம் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள், அவற்றை விட்டுவிடலாம்.

போட்ட முதல் + இழந்த லாபம் = பெரிய எண், செல்லாத எண்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும், ஏனென்றால் இது கணக்கில் மட்டும் வரும் பிழை இல்லை, வழக்கையே பாதிக்கும்.

ஒரு சுங்கச்சாலையை எடுத்துக்கொள்வோம். முதலீடு 100 கோடி. உரிமம் 10 வருடம். செலவும் வரியும் போக வருடக் கடைசியில் 20 கோடி கையில் நிற்கும். சாலை திறக்கிற அன்றே அரசு உரிமத்தை ரத்து செய்கிறது. நம் ஆள் எழுதுவது இப்படி: போட்ட பணம் 100, பத்து வருட லாபம் 200, ஆக மொத்தம் 300 கோடி.

எந்த நல்ல எதிர்த்தரப்பு நிபுணரும் இதை ஐந்து நிமிடத்தில் கிழித்துவிடுவார். நியாயமான சந்தை மதிப்பு என்றால், விஷயம் தெரிந்த, கட்டாயம் எதுவும் இல்லாத ஒருவர் அன்று அந்தச் சாலையை என்ன விலைக்கு வாங்கியிருப்பார் என்பதுதான். வாங்குகிறவர் எதற்குப் பணம் கொடுப்பார்? வரப்போகிற வருடா வருட 20 கோடிக்கு. அந்தப் பத்து வரவுகளையும் 12 சதவீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 113 கோடி. டிசிஎஃப் என்று நாம் சொல்வது இவ்வளவுதான். அந்த 113-க்குள் போட்ட 100-ம் இருக்கிறது, லாபமும் இருக்கிறது. அந்த 200 கோடியைச் சம்பாதிக்கத்தானே 100 கோடியைப் போட்டார்? இரண்டையும் கேட்டால், சாலைக்குச் செலவே செய்யாமல் அதன் வசூலை மட்டும் வாங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். 1928-ல் சோர்ஜோ தொழிற்சாலை வழக்கில் சொல்லப்பட்டதிலிருந்து இன்று வரை அளவுகோல் ஒன்றுதான்: தவறு நடக்காமல் இருந்திருந்தால் முதலீட்டாளர் எந்த நிலையில் இருந்திருப்பாரோ, அந்த நிலை. அதைவிட மேலே இல்லை.

இதை ஒரு கட்சிக்காரரிடம் விளக்கினேன். "சரி, குறைப்பது அவர்கள் வேலை, நாம் ஏன் குறைத்துக் கேட்கணும்?" என்றார். 300 அப்படியே போனது. குறுக்கு விசாரணையில் நடுவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி இந்தக் கூட்டல் பற்றித்தான். அதற்கப்புறம், சரியாகவே போட்டிருந்த போக்குவரத்துக் கணிப்பைக்கூட அவர்கள் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

அப்படியானால் இழந்த லாபத்தைத் தனியாகக் கேட்கவே முடியாதா? முடியும், எந்தத் தேதியில் சொத்துக்கு விலை போடுகிறோமோ, அந்த மதிப்பீட்டுத் தேதிக்கு முன்னால் இழந்ததை. அதே சாலையில், அரசு முதல் இரண்டு வருடம் வசூலைத் தடுத்து வைத்துவிட்டு, பிறகு உரிமத்தைப் பறிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பறித்த தேதியில் மிச்சமுள்ள 8 வருடத்தின் மதிப்பு சுமார் 99 கோடி. அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் வராமல் போன 20-ம் 20-ம் தனி இழப்பு, அதைச் சேர்க்கலாம், தாமதத்துக்கு வட்டியும் உண்டு. வட்டியையும் அதே 12 சதவீதத்தில் போட்டுப் பாருங்கள்: 42.4 கூட்டல் 99.4, கிட்டத்தட்ட 142 கோடி. ஆரம்பத்தில் வந்த 113-ஐ இரண்டு வருடம் 12 சதவீதத்தில் வளர்த்தாலும் அதே 142 வரும். இரட்டைக் கணக்கு இருக்கிறதா என்று பார்க்க நான் பயன்படுத்துவது இந்தச் சோதனைதான். இரண்டு வழியும் ஒரே இடத்தில் முடியவில்லை என்றால் ஏதோ ஒன்று இரண்டு தடவை உள்ளே வந்திருக்கிறது. (உண்மையான தீர்ப்பில் வட்டி விகிதம் பெரும்பாலும் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அது வேறு சண்டை.)

மதிப்பீட்டுத் தேதிக்குப் பிறகு வட்டி மட்டும்தான். அதற்குப் பிந்தைய லாபம் விலைக்குள் ஏற்கெனவே போய்விட்டது.

ஓடாத தொழிலுக்கு டிசிஎஃப்

மெட்டல்கிளாட் என்ற அமெரிக்க நிறுவனம் மெக்சிகோவின் சான் லூயிஸ் போட்டோசியில் அபாயக் கழிவு கொட்டும் தளம் ஒன்றைக் கட்டி முடித்தது. உள்ளூர் நகராட்சி அனுமதி தராததால் அது திறக்கவே இல்லை. டிசிஎஃப் போட்டு சுமார் 90 மில்லியன் டாலர் கேட்டார்கள். 2000-ல் வந்த தீர்ப்பு, ஓடிக் காட்டாத தொழிலுக்கு எதிர்கால லாபத்தை வைத்து மதிப்புப் போட முடியாது என்று சொல்லி, உண்மையில் செலவானதை அடிப்படையாகக் கொண்டு சுமார் 16.7 மில்லியன் மட்டும் கொடுத்தது.

இதைப் படித்துவிட்டு "வரலாறு இல்லையென்றால் டிசிஎஃப் இல்லை" என்று மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். அதுவும் தப்பு. பாகிஸ்தானின் பலுசிஸ்தானில் உள்ள ரெக்கோ டிக்கில் சுரங்கமே தோண்டப்படவில்லை, 2011-ல் குத்தகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆனால் 2019-ல் தீர்ப்பாயம் பணவரவுக் கணக்கை ஏற்று, வட்டி தவிர நான்கு பில்லியன் டாலருக்கு மேல் விதித்தது. காரணம் எளிது. தாமிரத்துக்கும் தங்கத்துக்கும் உலகச் சந்தை விலை இருக்கிறது, தாது எவ்வளவு என்று துளையிட்டுப் பார்த்தாகிவிட்டது, சாத்தியக்கூறு ஆய்வும் கையில் இருந்தது. கழிவுத் தளத்துக்கு எத்தனை வாடிக்கையாளர்கள் எந்தக் கட்டணத்தில் வருவார்கள் என்பதற்கு அப்படி எதுவும் கிடையாது. எனவே கேட்க வேண்டியது "ஓடியதா?" என்பதல்ல. விலை, அளவு, செலவு, இந்த மூன்றுக்கும் முதலீட்டாளர் வாய்க்கு வெளியே ஆதாரம் இருக்கிறதா என்பதுதான். இல்லையென்றால் போட்ட பணத்தைக் கேளுங்கள், ரசீதோடு.

நாட்டு அபாயம்

அந்த நாட்டில் தொழில் செய்வதில் உள்ள ஆபத்துக்காக மேலே போட்ட 12 சதவீதத்தை 20 ஆக்கிப் பாருங்கள். 113 கோடி 84 ஆகிவிடும், போட்ட முதலைவிடக் கீழே. அரசுத் தரப்பு ஷீட்டில் இந்த விகிதம் உள்ள ஒரு கட்டத்தில்தான் உட்கார்ந்து வேலை செய்யும். வெனிசுவேலா வழக்குகளில் இரண்டு போக்கையும் பார்க்கலாம். கோல்ட் ரிசர்வ் வழக்கில் (2014), அரசு பறித்துவிடும் என்ற பயத்தை விகிதத்தில் ஏற்றக் கூடாது, இல்லையென்றால் அரசு தன் தவறாலேயே லாபம் அடையும் என்ற வாதம் எடுபட்டது. அடுத்த வருடம் டைட்வாட்டர் வழக்கில், வாங்குகிறவர் பொதுவான நாட்டு அபாயத்தைக் கணக்கில் எடுக்கத்தான் செய்வார் என்று 14.75 சதவீதம் தனியாகச் சேர்த்தார்கள். எந்தப் பக்கம் வாதாடினாலும் ஒன்றைக் கவனியுங்கள்: வரவை ஏற்கெனவே அபாயத்துக்காகக் குறைத்துவிட்டு விகிதத்தையும் ஏற்றியிருக்கிறார்களா? புதியவர்களின் ஷீட்டில் மட்டுமல்ல, அனுபவசாலிகளுடையதிலும் இது கிடக்கும்.

பின்னால் தெரிந்த விலை

மதிப்பீட்டுத் தேதி 2020 என்றால், 2023-ல் தெரிந்த விலையை அதில் சேர்க்க வேண்டாம். தீர்ப்பு நாளை மதிப்பீட்டுத் தேதியாக எடுத்தால் தவிர.

கடன்

முழு நிறுவனத்தின் மதிப்பைக் கணக்கிட்டுவிட்டு, பங்குதாரர் பெயரில் அப்படியே கேட்காதீர்கள். வங்கிக்குத் தர வேண்டியதை முதலில் கழியுங்கள்.