அப்பா தவறிய இரவில் மேனேஜருக்கு என்ன எழுதுவது?

பெங்களூரில் வேலை, ஊர் கும்பகோணம். செவ்வாய், 3-ஆம் தேதி அதிகாலை போன் வருகிறது. பையில் துணியை அடைத்துக்கொண்டே எழுதவேண்டிய செய்தி இது.

முதலில், ஒரே செய்தியில் எல்லாம் சொல்லிவிட முயலாதீர்கள். இப்போது ஒன்று, விவரம் தெரிந்தபின் ஒன்று. முதல் செய்தி இப்படி இருந்தால் போதும்:

"சார், என் அப்பா இன்று அதிகாலை தவறிவிட்டார். ஊருக்குக் கிளம்புகிறேன். இன்று முதல் விடுப்பில் இருக்கிறேன். எத்தனை நாள் என்பதை வியாழன் மாலைக்குள் சொல்கிறேன். இன்றைய 11 மணி கிளையன்ட் மீட்டிங்கிற்கு வேறு யாரையாவது அனுப்புங்கள். ஃபைல் டீம் ஃபோல்டரில் இருக்கிறது. போன் எடுக்க முடியாமல் போகலாம்."

மேனேஜருக்குத் தமிழ் தெரியாதென்றால் இதையே சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக எழுதலாம். டீம் குரூப்பில் போடவேண்டாம், அவருக்குத் தனியாக அனுப்புங்கள். இரவு இரண்டு மணியானாலும் அனுப்பலாம். அவர் காலையில் பார்த்துக்கொள்வார்.

"விடுப்பு கிடைக்குமா?" என்று கேட்காமல் "விடுப்பில் இருக்கிறேன்" என்று எழுதியிருப்பது வேண்டுமென்றேதான். கேள்வியாக எழுதினால் பேருந்தில் உட்கார்ந்து பதிலுக்குக் காத்திருக்க நேரும். "இயற்கை எய்தினார்" என்பது போஸ்டருக்கான நடை. "அப்பாவுக்கு உடம்பு ரொம்ப மோசம்" என்று மழுப்பினால், மாலையில் "இப்போது எப்படி இருக்கிறார்?" என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்வது இன்னும் கொடுமை. எப்படி இறந்தார் என்பதை எழுதவேண்டியதில்லை. "லேப்டாப் கொண்டுபோகிறேன்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். துக்க வீட்டில் மெயில் பார்க்கும் நிலைமையை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள்.

கை ஓடவில்லையென்றால் இதை அப்படியே நண்பருக்கு அனுப்பி, உங்கள் சார்பில் சொல்லச் சொல்லுங்கள்.

நாள் கணக்கை முதல் செய்தியில் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. காரியத் தேதியைப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசித்தான் முடிவுசெய்வார்கள். சில வீடுகளில் பதிமூன்று, பல வீடுகளில் பதினாறு. அவசரத்தில் "மூன்று நாள்" என்று எழுதினால் பிறகு திரும்பத் திரும்ப நீட்டிக்கக் கேட்கவேண்டிவரும்.

வியாழனன்று இரண்டாவது செய்தி:

"சார், 6-ஆம் தேதிவரை விடுப்பு. 9-ஆம் தேதி திங்கள் வேலைக்கு வருகிறேன். 18-ஆம் தேதி பதினாறாம் நாள் காரியம், அதற்காக 17 முதல் 19 வரை மறுபடி விடுப்பு வேண்டும்."

இந்த இரண்டாவது பகுதியைத்தான் பலர் சொல்ல மறந்து, காரியத்துக்கு முந்தின நாள் திண்டாடுகிறார்கள். துக்க விடுப்பைத் தனியார் நிறுவனங்கள் தந்தே ஆகவேண்டும் என்று பொதுவான மத்தியச் சட்டம் எதுவும் இல்லை, கம்பெனி விதிதான். சில விதிகளில் அது தொடர்ச்சியான நாட்களுக்கு மட்டும். அப்படியானால் 17 முதல் 19 வரை சொந்த விடுப்பிலிருந்து போகும். துக்க விடுப்பைப் பிரித்து எடுக்கலாமா என்று ஹெச்ஆருக்கு மெயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். போர்ட்டலில் பதிவதும் இறப்புச் சான்றிதழ் கொடுப்பதும் திரும்பி வந்தபின் செய்யலாமா என்பதையும் அதே மெயிலில் சேர்த்துவிடலாம்.