ஒரு பக்கச் சுருக்கத்தில் காணாமல் போகும் மழைத் தண்ணீர்

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்காக 42 பக்க அறிக்கையை ஒரே பக்கமாக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. என் முதல் வரைவு நிர்வாகக் குழுவைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோயிருக்கும்.

முதல் தவறு, அறிக்கையின் வரிசையிலேயே சுருக்கியது. நோக்கம், ஆய்வு முறை, அளவீடு என்று ஒவ்வொரு அத்தியாயத்திலும் இரண்டு வரி எடுத்தேன். பாதிப் பக்கம் அதிலேயே போய்விட்டது. குழு கேட்டது ஒரே கேள்விதான்: தூள் குறைவாக வருகிறதே, இலை வாட்டும் தொட்டிகளை மாற்ற வேண்டுமா? அந்தக் கேள்விக்கான பதில்தான் முதல் வரியாக வர வேண்டும். ஆய்வு முறைக்கு ஒரு வரி போதும்.

இதைவிடப் பெரிய தவறு, முடிவை எடுத்துக்கொண்டு அதன் நிபந்தனையை விட்டது. "100 கிலோ பச்சை இலைக்கு 24 கிலோ வந்த தூள் 22 கிலோவாகக் குறைந்திருக்கிறது" என்று எழுதினேன். நாளுக்கு 10,000 கிலோ இலை வாங்கினால் 200 கிலோ தூள் நஷ்டம். இதைப் படிப்பவர் உடனே தொட்டிகளை மாற்றச் சொல்வார். ஆனால் அந்த அளவீடு அக்டோபர், நவம்பரில் மட்டும் எடுத்தது என்று 31-ஆம் பக்கத்தில் இருந்தது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்கள் அவை. இலையோடு சேர்த்து, அதன் மேல் நிற்கும் தண்ணீரையும்தான் தராசு எடை போடுகிறது. 10,000 கிலோவில் 800 கிலோ தண்ணீர் என்றால் உண்மையான இலை 9,200 கிலோ. அதில் 24 சதவீதம் ஏறக்குறைய 2,208 கிலோ. அதாவது தொட்டியில் எந்தக் கோளாறும் இல்லாமலே கணக்கு 22 சதவீதத்துக்கு இறங்கிவிடும்!

எனவே சுருக்கி முடித்ததும் ஒவ்வொரு எண்ணையும் மூல அறிக்கையில் தேடிப் பாருங்கள். எப்போது, எங்கே, எத்தனை முறை அளந்தது என்பதில் முடிவை மாற்றக்கூடியது எதுவோ, அதை அந்த எண் இருக்கும் வாக்கியத்துக்குள்ளேயே வையுங்கள். அடிக்குறிப்பில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம் அபாயங்கள். "தூள் குறைகிறது" என்பதை அபாயம் என்று எழுதியிருந்தேன். அது ஏற்கெனவே நடப்பது, கண்டறிந்தவை பகுதிக்குப் போக வேண்டியது. அபாயம் என்பது இனி நடக்கக்கூடியது: ஈர இலைக்கு எடையில் கழிவு பிடித்தால், சிறு விவசாயிகள் இலையை வேறு தொழிற்சாலைக்குக் கொண்டுபோகலாம். இலை தருபவர்களின் எண்ணிக்கையை வாராவாரம் பார்த்தால் அது தொடங்குவது தெரிந்துவிடும்.

அடுத்த நடவடிக்கையாக "ஈரப்பதத்தைக் கண்காணிக்கலாம்" என்று எழுதியிருந்தேன். அதை வைத்து யாரும் வேலையைத் தொடங்க முடியாது. கடைசியில் இப்படி மாற்றினேன்: "இலை எடை போடும் மேற்பார்வையாளர், இரண்டு வாரங்களுக்கு ஒவ்வொரு லோடிலும் 1 கிலோ எடுத்து, மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றி மறுபடி எடை போட வேண்டும். அந்தக் கணக்கு வரும்வரை தொட்டிக்கு ஆர்டர் வேண்டாம்."