பிளேட்லெட் 28,000: அழிகிறதா, உருவாகவில்லையா? MPV, IPF படிக்கும் முறை

பெங்களூரில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் ஆய்வகங்களுக்கு வரும் ரத்த மாதிரிகளில் பல பிளேட்லெட் எண்ணிக்கைக்காகவே வருகின்றன. எண்ணிக்கை குறைந்திருப்பதை எந்த இயந்திரமும் சொல்லிவிடும். அது ஏன் குறைந்தது என்பதற்கான முதல் தடயம் அதே அறிக்கையில் இன்னும் இரண்டு வரிகளில் இருக்கிறது. அவற்றை எந்த வரிசையில் படிப்பது என்று ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக எழுதுகிறோம்.

முதலில், இரண்டு எண்களும் எதை அளக்கின்றன

MPV என்பது பிளேட்லெட்டின் சராசரிப் பருமன். அலகு ஃபெம்டோலிட்டர். மஜ்ஜைக்கு நெருக்கடி வந்து அவசரமாக பிளேட்லெட் அனுப்பும்போது சற்றுப் பெரியவை வெளிவரும், எம்பிவி ஏறும்.

IPF என்பது, ரத்தத்திலுள்ள பிளேட்லெட்டுகளில் எத்தனை சதவீதம் புதிதாக வந்தவை என்ற கணக்கு. மஜ்ஜையிலிருந்து இறங்கியதும் பிளேட்லெட்டுக்குள் ஆர்என்ஏ மிச்சம் இருக்கும். ஏறத்தாழ ஒரு நாளில் அது கரைந்துவிடும். அந்த ஆர்என்ஏ மீது ஒளிரும் சாயத்தை ஏற்றி இயந்திரம் இளசுகளைப் பிரித்து எண்ணுகிறது. ஆரோக்கியமானவர்களிடம் பொதுவாக 1 முதல் 7 சதவீதத்துக்குள் இருக்கும். ஆனால் ஒப்பிட வேண்டியது உங்கள் இயந்திரத்துக்கு உங்கள் ஆய்வகம் வகுத்த எல்லையோடுதான். தெருமுனைச் சோதனை நிலையங்களில் உள்ள சிறிய கவுண்டர்களில் இந்த வசதி இருக்காது. எம்பிவி மட்டும் வரும்.

படி 1: குழாயின் நேரத்தைப் பாருங்கள்

இதைத்தான் புதியவர்கள் தாண்டிப் போகிறார்கள். ஊதா மூடிக் குழாயிலுள்ள இடிடிஏவில் பிளேட்லெட் தட்டு வடிவம் இழந்து உருண்டையாகி உப்பும். மின்தடை முறையில் எண்ணும் கவுண்டரில் முதல் ஓரிரு மணி நேரத்தில் எம்பிவி வேகமாக ஏறும், பிறகு மெதுவாக. காலை 8 மணிக்கு ஒயிட்ஃபீல்டில் எடுத்த ரத்தம் போக்குவரத்தைத் தாண்டி மைய ஆய்வகத்துக்கு வந்து 1 மணிக்கு ஓடினால், அந்த எம்பிவியில் நோயின் பங்கு எவ்வளவு, சாலை நெரிசலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. தொடர்ந்து பார்க்கும் நோயாளிக்கு ஒரே இயந்திரம், எடுத்த நேரத்திலிருந்து ஒரே இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் எழுதாத குழாயின் எம்பிவியை நம்பி எதுவும் சொல்லாதீர்கள்.

படி 2: எண்ணிக்கை நிஜமா என்று ஸ்மியரில் உறுதி செய்யுங்கள்

ஸ்மியரின் வால் பகுதியில் பிளேட்லெட் கட்டிகட்டியாகக் கிடந்தால் குறைவு பொய். சிட்ரேட் குழாயில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1 ஆல் பெருக்குங்கள். குழாயிலுள்ள சிட்ரேட் திரவம் ரத்தத்தை அந்த அளவு நீர்க்கச் செய்கிறது. கட்டி இல்லையென்றால் 100x எண்ணெய் லென்ஸில் 10 புலங்களை எண்ணிச் சராசரி எடுங்கள். ஒரு புலத்துக்கு ஒரு பிளேட்லெட் என்பது சுமார் 15,000 முதல் 20,000. அப்படியானால் 28,000க்கு ஒன்றோ இரண்டோதான் தெரிய வேண்டும். ஏழெட்டு தெரிந்தால் கவுண்டர் எதையோ தவறவிடுகிறது.

படி 3: சதவீதத்தோடு நிற்காமல் பெருக்குங்கள்

இருவரை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் பிளேட்லெட் 28,000, ஸ்மியரில் கட்டி இல்லை, இரண்டு குழாய்களும் எடுத்த ஒரு மணி நேரத்தில் ஓடியவை.

அல்சூரிலிருந்து வந்த 26 வயதுப் பெண்: ஹீமோகுளோபின் 12.4, வெள்ளணு 7,200, எம்பிவி 11.9, ஐபிஎஃப் 22 சதவீதம்.

கே.ஆர்.புரத்திலிருந்து வந்த 40 வயது ஆண்: ஹீமோகுளோபின் 8.1, வெள்ளணு 2,300, எம்பிவி 9.1, ஐபிஎஃப் 3 சதவீதம்.

```
இளம் பிளேட்லெட் = PLT × IPF ÷ 100
பெண்: 28000 × 22 ÷ 100 = 6160
ஆண்: 28000 × 3 ÷ 100 = 840
```

இரண்டரை லட்சம் பிளேட்லெட்டும் 3 சதவீத ஐபிஎஃபும் உள்ள ஆரோக்கியமான ஒருவருக்கு இதே கணக்கு 7,500 தரும். பெண்ணின் மஜ்ஜை கிட்டத்தட்ட வழக்கமான அளவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது, வந்தவை 8–10 நாள் வாழாமல் மறைகின்றன. அழிவின் படம் இது. மற்ற அணுக்கள் சரியாக இருப்பதால், உடலின் நோயெதிர்ப்பே பிளேட்லெட்டை அழிக்கும் ஐடிபி நோய் முதல் சந்தேகமாகிறது. ஆணுக்கு ஐபிஎஃப் சதவீதம் 'நார்மல்' என்றே அச்சாகும். அதைப் பார்த்து நிம்மதியடைவதுதான் பெரிய பிழை. இவ்வளவு குறைவான எண்ணிக்கையில் 3 சதவீதம் என்றால் மஜ்ஜை பதிலே சொல்லவில்லை. மூன்று வகை அணுக்களும் குறைந்திருப்பதால் அவருக்கு மஜ்ஜைப் பரிசோதனையைப் பற்றி மருத்துவர் யோசிப்பார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பெண்ணின் 22 சதவீதம் பிரமாண்டமாகத் தெரிகிறது, ஆனால் 6,160 என்பது 7,500ஐவிடக் குறைவு. பழைய பிளேட்லெட்டுகள் அழிந்து வகுக்கும் எண் சிறுத்ததால் சதவீதம் உயர்ந்தது, மஜ்ஜை பல மடங்கு உழைத்ததால் அல்ல. ஐடிபியில் பலருக்கு உற்பத்தியும் போதுமான அளவு ஏறுவதில்லை. மஜ்ஜையைத் தூண்டும் எல்ட்ரோம்போபாக் போன்ற மருந்துகள் அங்கே பலன் தருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எம்பிவியை மட்டும் வைத்து இந்த இருவரைப் பிரிக்கலாமா? இங்கே 11.9, 9.1 என்று வசதியாக விலகி நிற்கின்றன. நடைமுறையில் இரு பக்கத்து எண்களும் நிறையவே கலந்து கிடக்கும். எம்பிவியைத் துணைச் சாட்சியாக மட்டும் வையுங்கள். எண்ணிக்கை மிகக் குறைந்தால் இயந்திரம் எம்பிவிக்குக் கோடு போட்டுவிடுவதும் உண்டு. அதை ஊகித்து நிரப்ப வேண்டாம்.

படி 4: ஐபிஎஃப் பொய் சொல்லும் இடங்கள்

பிறவியிலேயே ராட்சதப் பிளேட்லெட் உள்ளவர்களுக்கு, அழிவே இல்லாமல் ஐபிஎஃப் 40, 50 சதவீதம் என்று வரலாம். அளவில் பெரியது ஒளிர்வையும் கூட்டிக் காட்டுகிறது. மின்தடைக் கவுண்டரோ மிகப் பெரியவற்றைச் சிவப்பணு என்று ஒதுக்கி, எண்ணிக்கையையும் எம்பிவியையும் குறைத்துச் சொல்லும். ஸ்மியரில் சிவப்பணு அளவுக்குப் பிளேட்லெட் தெரிந்தால் பழைய அறிக்கைகளையும் பெற்றோர் அறிக்கையையும் கேளுங்கள். ஐடிபி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்துவிடும் ஆபத்து இங்கேதான்.

பிளேட்லெட் ஏற்றிய பிறகு எடுத்த ரத்தத்தில் கொடையாளியின் பழைய பிளேட்லெட் கலந்து சதவீதம் சரியும். ஏற்றிய நேரத்தைக் கேட்காமல் 'உற்பத்தி குறைந்தது' என்று எழுதாதீர்கள். எம்டிஎஸ் நோயில் உற்பத்தி கோளாறாக இருந்தும் ஐபிஎஃப் உயர்ந்து காட்டலாம். அதனால் உயர்ந்த ஐபிஎஃப் மட்டுமே மஜ்ஜைக்கு நற்சான்று ஆகாது.

டெங்குவில் ஒரே அளவீடு போதாது

காய்ச்சலின் முதல் நாட்களில் வைரஸ் மஜ்ஜையையும் அடக்குகிறது, பிறகு மஜ்ஜை எழுகிறது. 5ஆம் நாள் 38,000, ஐபிஎஃப் 6 சதவீதம். 6ஆம் நாள் 31,000, ஐபிஎஃப் 14 சதவீதம் என்று வைப்போம். எண்ணிக்கை இறங்கியதால் வீட்டில் பதற்றம் தொடங்கும். பெருக்கிப் பார்த்தால் இளம் பிளேட்லெட் 2,280லிருந்து 4,340 ஆகியிருக்கிறது. அடுத்த ஓரிரு நாளில் எண்ணிக்கை ஏறும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் பிளாஸ்மா கசிவும் அதிர்ச்சி நிலையும் வருமா என்பதை இந்த எண் சொல்லாது. அதற்கு ஹீமடோக்ரிட், ரத்த அழுத்தம், சிறுநீர் அளவு ஆகியவற்றையே பார்க்க வேண்டும்.