ஒரே ஆளை இரண்டு ஷொட்டில்: 30 பாகையும் பார்வைக் கோடும்

மருதமுனையில் தறியில் இருக்கும் நெசவாளர் ஒருவரை ஒரே கமராவால் பேட்டி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். அவரை இரண்டு கோணத்தில் எடுத்து ஒட்டும்போது ஆள் துள்ளியதுபோல் தெரியக்கூடாது.

முதலில் கமராவை அவர் முகத்திலிருந்து 3 மீற்றர் தள்ளி வையுங்கள். கேள்வி கேட்பவர் கமராவுக்கு இடப்பக்கம், லென்ஸை ஒட்டி, அவருடைய கண் மட்டத்தில் உட்காரட்டும். நெசவாளர் லென்ஸைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பேச வேண்டும். திரையில் பார்வை இடப்பக்கம் போகும். இடுப்புக்கு மேல் தெரிகிற அளவில் முதல் ஷொட்டை எடுங்கள்.

அடுத்து கமராவை நகர்த்த வேண்டும். பாகைமானி தேவையில்லை, ஒரு கயிறு போதும். அதே 3 மீற்றர் தூரத்தில், பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு நேராக அளந்தால் 1.55 மீற்றர் வர வேண்டும். அதுதான் 30 பாகை. எந்தத் தூரத்துக்கும் இதே கணக்குத்தான்: தூரத்தில் பாதிக்குச் சற்றுக் கூட. இதைவிடக் குறைந்தால் பின்னால் இருக்கும் பாவும் சுவரும் கொஞ்சமாக மட்டும் விலகும். பார்ப்பவருக்கு அது வேறு கோணமாகப் படாது, ஆளே அசைந்ததாகப் படும். நின்ற இடத்திலேயே சற்று சூம் பண்ணுவதும், எடிற்றிங்கில் பத்து இருபது வீதம் பெருப்பிப்பதும் இதே துள்ளலைத்தான் தரும். கோணத்தை மாற்றும்போது அளவையும் மாற்றுங்கள்: இரண்டாவது ஷொட் முகம் மட்டும்.

எந்தப் பக்கம் நகர்வது? வலப்பக்கம், அதாவது கேள்வி கேட்பவரை விட்டு விலகி. நெசவாளரையும் அவரையும் இணைத்து ஒரு கோடு போட்டால் கமரா அதன் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். இடப்பக்கம் 30 பாகை போனால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். நெசவாளர் திடீரென்று திரையின் வலப்பக்கம் பார்ப்பார், யாரோ வேறு ஆளுடன் பேசுவதுபோல.

புதிதாகப் படம் எடுப்பவர்கள் அதிகம் தவறுவது இதற்குப் பிறகுதான். கமராவோடு கேள்வி கேட்பவரின் கதிரையையும் தூக்கிப் போய்விடுவார்கள். நெசவாளரின் தலையும் கூடவே திரும்பும். இரண்டு ஷொட்டிலும் முகம் லென்ஸுக்கு ஒரே கோணத்தில் நிற்க, 30 பாகை நகர்ந்ததன் பலன் பாதி போய்விடும். கதிரை அசையக்கூடாது. கேள்வி கேட்பவரே கமராவையும் இயக்குவதென்றால், கதிரையில் அவருடைய கண் உயரத்துக்கு ஒரு தடியில் நிற ரேப் ஒட்டி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எழுந்து நிற்கும் ஆளைத் தேடி நெசவாளரின் பார்வை மேலே போகும்.

கேள்வி கேட்பவரையும் காட்டுவதென்றால் அவர் திரையின் வலப்பக்கம் பார்க்க வேண்டும். அவர் உயரமான கதிரையில் இருந்தால் பார்வை சற்றுக் கீழ்நோக்கி, நெசவாளருடையது சற்று மேல்நோக்கி.

எடிற்றிங்கில் சத்தத்தை நிறுத்திவிட்டு வெட்டை ஓடவிட்டுப் பாருங்கள். துள்ளல் இருந்தால், நெசவாளர் குனியும் இடத்தில் வெட்டி, நாடா ஓடுவதை அவர் கண்ணிலிருந்து பார்க்கிற கோணத்தில் 2 வினாடி செருகுங்கள். அதற்காகத் தறியை விட்டுக் கிளம்புமுன் நாடாவையும் கையையும் தனியாக எடுத்து வையுங்கள்.