ஓர் உறுப்பும் விடுபடவில்லை, தொகை மட்டும் மாறிவிட்டது: தொடர்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பி.எஸ்சி. மாணவர்களின் விடைத்தாள்களில் குறிப் பிழையும் பின்னப் பிழையும் பயிற்சியில் தானாக மறைந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். முடிவிலாத் தொடர்களின் உறுப்புகளைக் கவனமின்றிப் பிரித்தும் வரிசை மாற்றியும் கூட்டும் வேறொரு தவறு ஆண்டுதோறும் திரும்பி வருகிறது. அது வரும் தாளில் மற்ற வரிகளெல்லாம் சரியாக இருக்கும், விடை மட்டும் அடியோடு தவறியிருக்கும்.

இரண்டு முடிவிலாத் தொடர்களாகப் பிரித்துக் கழிப்பது

எடுத்துக்கொள்ளும் தொடர் இது:

1 − 1/2 + 1/3 − 1/4 + 1/5 − … = ln 2 ≈ 0.6931

ஒரு மாணவி கரும்பலகையில் இதன் தொகை பூஜ்யம் என்று நிறுவிக் காட்டினாள். கழிக்கும் உறுப்புகளையும் முதலில் கூட்டிக்கொள்வோம், பிறகு இருமடங்காகக் கழித்துவிடுவோம் என்பது அவள் வழி:

(1 + 1/2 + 1/3 + …) − 2(1/2 + 1/4 + 1/6 + …)

இரண்டாவது அடைப்பை 2ஆல் பெருக்கினால் அதுவும் 1 + 1/2 + 1/3 + … ஆகிவிடுகிறது. அதிலிருந்து அதையே கழித்தால் பூஜ்யம். வகுப்பில் யாராலும் பிழையைச் சுட்ட முடியவில்லை. "முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழிக்கக் கூடாது" என்று ஒருவன் சொன்னான். விதி சரிதான். ஆனால் அதை மனப்பாடமாக ஒப்பித்துவிட்டு நகர்வதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் ln 2 எங்கே காணாமல் போனது என்பதை அந்த விதி சொல்வதில்லை.

அதைப் பார்க்க, முடிவிலி வரை போகாமல் 2N உறுப்புகளில் நில்லுங்கள். 1 + 1/2 + … + 1/n என்பதை H(n) என்று எழுதுவோம். முதல் அடைப்பு H(2N). இரண்டாவதில் 2N வரை இருப்பவை N இரட்டை எண்கள்தாம். ஆகவே 2ஆல் பெருக்கினால் வருவது H(N). இரண்டும் வெவ்வேறு இடத்தில் முடிகின்றன. வித்தியாசம் H(2N) − H(N), அதாவது 1/(N+1) முதல் 1/(2N) வரை உள்ளவற்றின் கூட்டல். N = 6 எனில் அது 0.6532. N பெருகப் பெருக அது ln 2ஐ நெருங்கும். புள்ளி வைத்து ‘…’ என்று எழுதியபோது மறைந்தது இந்த வால்தான். அதற்குள்தான் விடை முழுவதும் இருந்தது.

‘எல்லா உறுப்பும் இருக்கிறதே’ என்று நம்புவது

வரிசையை மாற்றும்போதும் நடப்பது இதேதான். ஒரு கூட்டல் உறுப்புக்கு இரண்டு கழித்தல் உறுப்புகள் என்று அடுக்குங்கள்:

1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 + 1/5 − …

எந்த உறுப்பும் விடுபடவில்லை, எதுவும் இருமுறை வரவுமில்லை. ஆனால் 1 − 1/2ஐ 1/2 என்றும் 1/3 − 1/6ஐ 1/6 என்றும் சுருக்கிக்கொண்டே போனால் 1/2 − 1/4 + 1/6 − 1/8 + … கிடைக்கும். இது பழைய தொடரில் சரிபாதி. தொகை 0.3466. முதல் 12 உறுப்புகளைக் கூட்டினாலே 0.3173 வந்துவிடும். பழைய வரிசையில் அதே எண்ணிக்கைக்கு 0.6532.

கூட்டல் உறுப்புகளை மட்டும் கூட்டினாலும் தொகை எல்லையின்றி விரிகிறது, கழித்தல் உறுப்புகளை மட்டும் கூட்டினாலும் அப்படியே. தொகையைத் தீர்மானிப்பது இரண்டும் எந்த வேகத்தில் செலவாகின்றன என்பது. p கூட்டலுக்கு q கழித்தல் என்றால் தொகை ln 2 + ½ ln(p/q). ஒன்றுக்கு நான்கு என்று வைத்தால் சரியாகப் பூஜ்யம். அந்த மாணவிக்கு வந்த எண்ணைத் தரும் வரிசை உண்மையிலேயே இருக்கிறது, ஆனால் அது வேறொரு தொடர்.

வரிசை தொகையைப் பாதிக்கும் என்பதை டிரிக்லே 1837இல் சுட்டினார். ரீமான் 1854இல் எழுதிய ஆய்வுரையில், இத்தகைய தொடரை எந்த எண்ணுக்கும் கொண்டுவரலாம் என்று காட்டினார். 1.5 வேண்டுமா? அதைத் தாண்டும்வரை கூட்டுங்கள்: 1 + 1/3 + 1/5 = 1.5333. கீழே இறங்கும்வரை கழியுங்கள்: 1/2 போதும், 1.0333. மறுபடி 1/7 முதல் 1/15 வரையுள்ள கூட்டல் உறுப்புகளைச் சேர்த்தால் 1.5218. ஒவ்வொரு முறையும் இலக்கைத் தாண்டும் தூரம் கடைசியாக எடுத்த உறுப்பைவிடப் பெரிதாகாது. உறுப்புகள் பூஜ்யத்தை நோக்கிச் சுருங்குவதால் அந்தத் தூரமும் சுருங்கும்.

அடைப்புக்குறியை வரிசை மாற்றமாக எண்ணுவது

ஒருங்கும் தொடரில் வரிசையைத் தொடாமல் அடைப்பு போட்டால் தொகை மாறாது. அடைப்பை நீக்கும்போதுதான் கவனம் வேண்டும்: (1 − 1) + (1 − 1) + … பூஜ்யம், அடைப்பில்லாமல் அது ஒருங்கவே ஒருங்காது.

எல்லாத் தொடருக்கும் அஞ்சுவது

குறிகளை நீக்கிய பிறகும் ஒருங்கினால், எப்படி வேண்டுமானாலும் அடுக்கலாம்.

சிறு இடமாற்றத்துக்கும் அஞ்சுவது

குறிகளை நீக்கினால் ஒருங்காத, அதாவது நிபந்தனையோடு ஒருங்கும் தொடரிலும், ஒவ்வோர் உறுப்பும் அதிகபட்சம் பத்து இடம் மட்டுமே நகர்ந்தால் தொகை அப்படியே இருக்கும். அப்போது பழைய, புதிய பகுதிக் கூட்டுத்தொகைகள் சில உறுப்புகளில் மட்டுமே வேறுபடும், அந்த உறுப்புகளும் பூஜ்யத்தை நெருங்கிக்கொண்டிருக்கும். ஒன்றுக்கு இரண்டு அடுக்கில் அப்படியில்லை. அங்கே 1/101 பழைய வரிசையில் 101ஆவது, புதியதில் 151ஆவது. 1/1001 பின்தள்ளப்படுவது 500 இடங்கள்.