சுவருக்குப் பின்னால் போன பிறகும் ஏன் சாகிறோம்? டிக் ரேட்டைத் திட்டும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறோம். சுவர் ஓரம் தாண்டி உள்ளே வந்தாச்சு, எதிரி கண்ணிலேயே இல்லை, அப்போதுதான் செத்து விழுகிறோம். உடனே சாட்டில் வருவது ஒரே வரி: "64 டிக் சர்வர், வேற என்ன எதிர்பார்க்கிற?" இதுதான் முதல் தவறு. டிக் ரேட்டுக்கும் இதில் பங்கு உண்டு, ஆனால் பெரிய பங்கு இல்லை.

டிக் ரேட் என்பது சர்வர் ஒரு செகண்டில் எத்தனை முறை ஆட்டத்தைக் கணக்கிட்டுப் புதுப்பிக்கிறது என்பது. 64 டிக்கில் ஒவ்வொரு கணக்குக்கும் இடைவெளி சுமார் 16 மில்லி செகண்ட். வேலரன்ட் போல 128 டிக் என்றால் சுமார் 8. இந்த எண்களை மட்டும் பார்த்தால் இரு மடங்கு வித்தியாசம் போலத்தான் தெரியும். ஒரு சாவை எடுத்துக் கூட்டிப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

உங்கள் பிங் 40, சுடுகிறவனின் பிங் 80, சர்வர் 64 டிக் என்று வைத்துக்கொள்வோம். பிங் என்பது போய் வரும் நேரம், எனவே ஒரு வழிக்குப் பாதி. நீங்கள் வெட்டவெளியில் ஓடும் தகவல் சர்வருக்குப் போக 20 மில்லி செகண்ட். அடுத்த டிக் வரை சராசரியாக 8 காத்திருப்பு. அங்கிருந்து அவனுக்குப் போக 40. வந்த தகவலை அவன் கம்ப்யூட்டர் உடனே காட்டாது. அசைவு வெட்டி வெட்டித் தெரியாமல் இருக்க இரண்டு டிக் அளவுக்குத் தாமதித்து நடுவில் நிரப்பிக் காட்டும். இதுதான் இன்டர்போலேஷன், அதற்கு 31. அவன் சுட்டது சர்வருக்கு வர 40, டிக்குக்கு இன்னொரு 8, "நீ செத்துட்ட" என்ற செய்தி உங்களுக்கு வர 20. மொத்தம் 167.

கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் ஏகே-47 கையில் இருந்தால் ஓடும் வேகம் செகண்டுக்கு 215 யூனிட். 167 மில்லி செகண்டில் 36 யூனிட் கடந்துவிடுவீர்கள். மோதலுக்கு எடுத்துக்கொள்ளும் உடல் அகலமே 32 யூனிட்தான். அதாவது உங்கள் திரையில் முழு உடம்பும் மறைந்த பிறகு சாவு வருகிறது. அவன் திரையிலோ நீங்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறீர்கள்.

இப்போது சர்வரை 128 டிக் ஆக்குங்கள். காத்திருப்பு இரண்டும் நாலு நாலாகும், இன்டர்போலேஷன் 16 ஆகும். மொத்தம் 144. மிச்சம் பிடித்தது சுமார் 5 யூனிட். டிக்கைத் தொடாமல் அவன் பிங்கை மட்டும் 30 ஆக்கினால் 50 மில்லி செகண்ட் குறைகிறது. அநியாயமாகச் செத்ததாகத் தோன்றினால் முதலில் ஸ்கோர்போர்டில் அவன் பிங்கைப் பாருங்கள். 2023-ல் வந்த கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ன் சப்-டிக் முறை நீங்கள் எந்த நொடித்துளியில் சுட்டீர்கள் என்பதைக் குறித்து அனுப்புகிறது; ஆனால் கம்பியில் தகவல் பயணிக்கும் நேரத்தை அதனால் குறைக்க முடியாது.

பழைய இடத்தில் நின்றவனைச் சுட்டதை சர்வர் ஏன் ஒப்புக்கொள்கிறது என்று கேட்கலாம். வேண்டுமென்றே செய்த முடிவு அது. லேக் காம்பன்சேஷன் என்ற பெயரில், சுட்டவன் திரையில் அந்தக் கணம் என்ன தெரிந்ததோ அந்த நிலைக்கு எல்லோரையும் சர்வர் பின்னுக்கு நகர்த்தி, குண்டு பட்டதா என்று பார்க்கிறது. இது இல்லாவிட்டால் ஓடுகிறவனைச் சுட, பிங்குக்கு ஏற்ப அவனுக்கு முன்னால் குறிவைக்க வேண்டியிருக்கும். அதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கட்சி.

அடுத்த தவறு, சொந்தத் திரையில் தெரிந்த ரத்தத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்வது. பல கேம்களில் ரத்தம், தீப்பொறி எல்லாம் சர்வர் பதிலுக்குக் காத்திராமல் உங்கள் கம்ப்யூட்டரே ஊகித்துக் காட்டுபவை. நீங்கள் சுட்ட தகவல் போய்ச் சேரும் முன்பே சர்வர் உங்களைச் சாகடித்திருந்தால் அந்தக் குண்டு கணக்கில் வராது. "நான்தான் முதல்ல சுட்டேன்" என்பது உங்கள் திரையில் உண்மையாகவே இருக்கலாம். ரவுண்டு முடிவில் வரும் டேமேஜ் கணக்குதான் சர்வர் சொல்வது. செத்ததும் கொன்றவன் பார்வையில் ஓடும் கில்கேமையும் நம்பி வாதாடாதீர்கள். பெரும்பாலும் அது சர்வர் தகவலை வைத்துத் திரும்பக் கட்டிய காட்சி, அவன் திரையின் பதிவு அல்ல.

ஆடும் விதத்தில் செய்யும் தவறு, சுவர் ஓரத்தை ஒட்டி நின்று காத்திருப்பது. பாய்ந்து வருகிறவன் உங்களைப் பார்த்த பிறகுதான் அவன் உங்கள் திரைக்கு வருவான். ஒளிய ஓடும்போதும் மறைந்ததும் நின்றுவிடாமல் இன்னொரு உடல் அகலம் உள்ளே போங்கள்.

எதிரிகள் வழுக்காமல் தாவித் தாவி நகர்ந்தாலோ, நீங்களே பின்னால் இழுக்கப்பட்டாலோ இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அது பெரும்பாலும் பாக்கெட் லாஸ், அதாவது தகவல் வழியிலேயே தொலைந்துபோவது. வைஃபையை விட்டுக் கேபிள் போட்டுப் பாருங்கள்.