பூட்டு திறக்காத கதை

உயர்நிலை நான்கு மாணவர்களின் வேதிவினை மீள்பார்வைக்காக, தேக்காவில் வாங்கிய நான்கிலக்கப் பூட்டைப் பெட்டியில் மாட்டினேன். சமன்செய்தால் வரும் கெழுக்களே திறவு எண்:

Fe₂O₃ + 3CO → 2Fe + 3CO₂

விடை 1323. ஒரு குழு சரியாகச் சமன்செய்தும் 323 என்று மூன்று இலக்கத்தோடு விழித்தது. சமன்பாட்டில் 1 எழுதுவதில்லையே! பிழை என்னுடையது. இன்னொரு குழு 2646 போட்டது, அதுவும் சமன்தான். மூன்றாவது குழு மூன்று எண்களோடு நிறுத்திவிட்டு, கடைசிச் சக்கரத்தைச் சுழற்றியே திறந்துவிட்டது. கெட்டிக்காரர்கள்!

மறுவகுப்பில் அட்டையில் நான்கு கட்டங்கள் வரைந்து, “மிகச்சிறிய முழு எண்கள், 1 உட்பட” என்று எழுதினேன். இருபுறமும் ஆக்சிஜன் அணுக்களை எண்ணிக் காட்டினால்தான், அதாவது ஆறுக்கு ஆறு, பூட்டைத் தொடலாம். சக்கரச் சுழற்றல் அன்றோடு நின்றது.